6-க்கு வால் உண்டா? ஒரு கோட்டுக்காக இரண்டு சுற்றுகளின் விலை பார்ப்பது

டிஜிட்டல் கடிகாரம், எடை இயந்திரம், பெட்ரோல் பங்க் மீட்டர் என்று செவன் செக்மென்ட் டிஸ்பிளே உள்ள கருவிகளை அடுத்தமுறை பார்க்கும்போது 6 என்ற எண்ணைக் கவனியுங்கள். சிலவற்றில் அதன் தலைமேல் ஒரு கிடைக்கோடு எரியும். சிலவற்றில் எரியாது, ஆங்கிலச் சிறிய ‘பி’ எழுத்தைப் போல மொட்டையாக நிற்கும். பழைய 7447 என்ற டிகோடர் ஐசி மொட்டை 6 காட்டும். அதன் உறவுக்காரரான 74247, அதே வேலையைச் செய்துகொண்டே 6-க்கும் 9-க்கும் வால் வைத்துக் காட்டும்.

பெருக்கல்களின் கூட்டல் என்ற வடிவிலிருந்து கூட்டல்களின் பெருக்கல் என்ற வடிவுக்கு மாற்றுவதையும், இரண்டில் எது மலிவு என்று முடிவெடுப்பதையும் கற்க இந்த ஒரு கோடு போதும். வால் இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு விடை.

கணக்கு இதுதான். 0 முதல் 9 வரையிலான ஓர் எண் நான்கு கம்பிகளில் வருகிறது. A என்பது 8-இன் இடம், B 4-இன் இடம், C 2-இன் இடம், D 1-இன் இடம். எண்ணுக்கேற்ப டிஸ்பிளேயின் உச்சிக்கோடு எரிய வேண்டும் அல்லது அணைய வேண்டும். எரிந்தால் F = 1. (ஐசி தயாரிப்பாளர்களின் விவரத்தாளைப் பார்த்து இணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 7447-இன் தாளில் A என்பதுதான் 1-இன் இடம், வரிசை தலைகீழ். இங்கே நான் பாடப்புத்தக வழக்கைப் பின்பற்றுகிறேன். பிரெட்போர்டில் இதைக் குழப்பிக்கொண்டால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.)

முதலில் வால் உள்ள 6-ஐ எடுத்துக்கொள்வோம். உச்சிக்கோடு எரியாத எண்கள் 1, 4 ஆகிய இரண்டு மட்டுமே. 10 முதல் 15 வரை வரவே வராது என்பதால் அந்த ஆறு இடங்களில் 0 இருந்தாலும் 1 இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. x என்று குறிப்போம். இதைக் கார்னா வரைபடத்தில் போட்டால் இப்படி வரும்:

```
          CD
AB     00  01  11  10
00      1   0   1   1
01      0   1   1   1
11      x   x   x   x
10      1   1   x   x
```

மேல்வரிசையில் 11 முன்னும் 10 பின்னும் வருவது அச்சுப்பிழை அல்ல. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே ஒரு பிட்டில் மட்டும் வேறுபட வேண்டும் என்பதற்காக மாரிஸ் கார்னா 1953-இல் தந்த வரைபடத்தில் வரிசை அப்படித்தான் இருக்கும்.

முதல் வடிவம்: ஒன்றுகளைச் சேர்ப்பது

1 உள்ள கட்டங்களை 2, 4, 8 என்ற அளவுகளில் குழுவாக்குகிறோம். உதவும் இடத்தில் x-களையும் சேர்த்துக்கொள்ளலாம். கீழ் இரண்டு வரிசைகளும் சேர்ந்து எட்டுக் கட்டம். அதன் பெயர் A. வலப்புற இரண்டு நெடுவரிசைகளும் எட்டுக் கட்டம், அது C. நடுவில் 5, 7, 13, 15 சேர்ந்து BD. நான்கு மூலைகளும் சேர்ந்து B'D'. எழுத்துக்குமேல் உள்ள ஒற்றைக்குறி, அந்த உள்ளீட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பதற்கு அடையாளம்.

```
F = A + C + BD + B'D'
```

இது பெருக்கல்களின் கூட்டல். இதன் விலை என்ன? விலை பார்க்கப் பல வழிகள் உண்டு. ஆரம்பத்தில் எளியது, இன்வெர்ட்டர்களைத் தவிர்த்து எல்லாக் கேட்டுகளின் உள்ளீட்டுக் கால்களையும் எண்ணுவது. BD-க்கு ஓர் அண்ட் கேட், 2 கால். B'D'-க்கு இன்னொன்று, 2 கால். கடைசியில் நான்கு பேரைச் சேர்க்கும் ஆர் கேட், 4 கால். மொத்தம் 8. A-யும் C-யும் தனி எழுத்துகள் என்பதால் அவற்றுக்கு அண்ட் கேட் தேவையில்லை. நேராக ஆர் கேட்டுக்குப் போகின்றன. இன்வெர்ட்டர்கள் B-க்கும் D-க்கும் ஆக இரண்டு. இனி வரப்போகும் மற்ற வடிவங்களுக்கும் இதே இரண்டுதான் என்பதால் இப்போதைக்கு அவற்றை ஒதுக்கிவைக்கிறேன்.

சூத்திரத்தைப் பிடித்து மாற்றினால் என்ன கிடைக்கும்?

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் கை வைப்பது இங்கேதான். கையில் சூத்திரம் இருக்கிறது, அதை இயற்கணிதத்தால் மாற்றுகிறோம். பயன்படும் கருவி பூலியன் கணக்குக்கே உரிய இரண்டாவது பங்கீட்டு விதி: X + YZ = (X + Y)(X + Z). சாதாரணக் கணக்கில் இது செல்லாது என்பதால் கை தயங்கும், இங்கே செல்லும்.

BD + B'D' என்பதை முதலில் உடைப்போம். (B + D')(B' + D) என்பதைப் பெருக்கிப் பாருங்கள்: BB' + BD + B'D' + DD'. முதலும் கடைசியும் பூஜ்யம். மிஞ்சுவது BD + B'D'. ஆக,

```
F = A + C + BD + B'D'
  = (A + C) + (B + D')(B' + D)
  = (A + B + C + D')(A + B' + C + D)
```

கூட்டல்களின் பெருக்கல் வந்துவிட்டது. மாற்றத்தில் ஒரு பிழையும் இல்லை. விலை: நாலு கால் ஆர் கேட் இரண்டு, கடைசியில் இரண்டு கால் அண்ட் கேட் ஒன்று. 4 + 4 + 2 = 10. முன்னதைவிட 2 அதிகம். ‘அப்படியானால் முதல் வடிவமே மலிவு’ என்று நோட்டை மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள். கணக்கு சரி, ஒப்பீடு நியாயமில்லை.

காரணம் x-களில் இருக்கிறது. முதல் வடிவை எழுதும்போது ஆறு x-களையும் 1 என்று எடுத்துக்கொண்டோம், அதுதான் ஒன்றுகளுக்கு வசதி. சூத்திரத்தை அப்படியே மாற்றும்போது அந்த முடிவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பூஜ்யங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏதாவது ஒரு x-ஐ 0 ஆக்கிக்கொள்வது லாபமாக இருக்கலாம். அந்த உரிமையைப் பூஜ்யங்களுக்கு நாம் கொடுக்கவே இல்லை. x இல்லாத கணக்கில் இயற்கணித மாற்றமே போதும். x இருந்தால் சூத்திரத்தை மாற்றாதீர்கள். வரைபடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

இரண்டாம் வடிவம்: பூஜ்யங்களைச் சேர்ப்பது

அதே வரைபடம். இம்முறை 0 உள்ள கட்டங்களைக் குழுவாக்குகிறோம். 4-ஆம் எண்ணின் கட்டத்துக்கு நேர்கீழே 12-இன் x இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் A கழன்றுவிடுகிறது; மிஞ்சுவது BC'D'. 1-ஆம் எண்ணின் கட்டத்துக்கு நாலு பக்கமும் பாருங்கள்: 0, 3, 5, 9. நான்கும் 1. உதவிக்கு யாரும் இல்லை, தனியாகத்தான் நிற்க வேண்டும்: A'B'C'D.

இவை இரண்டும் சேர்ந்தால் F எப்போது அணையும் என்பது தெரியும், அதாவது F'.

```
F' = A'B'C'D + BC'D'
F  = (A + B + C + D')(B' + C + D)
```

இரண்டாம் வரிக்குப் போக டிமார்கன் விதி: கூட்டல் பெருக்கலாகும், பெருக்கல் கூட்டலாகும், ஒவ்வோர் எழுத்தும் தலைகீழாகும். அகஸ்டஸ் டிமார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர்; கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பதால் நாம் பெரிதாகச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் மதுரைக்கார மாணவர் யாராவது இந்த வரியில் தடுமாறினால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

தடுமாறுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பூஜ்யக் கட்டத்திலிருந்து அடைப்புக்குறியை நேரடியாக எழுதும்போது விதி தலைகீழாகிறது. 4 என்பது 0100. ஒன்றுகளைச் சேர்க்கும் பழக்கத்தில் அதை A'BC'D' என்று படிப்போம். அடைப்புக்குறியிலோ 0 வரும் எழுத்து அப்படியே நிற்கும், 1 வரும் எழுத்துக்குத்தான் ஒற்றைக்குறி: (A + B' + C + D). சரிபார்க்கச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய அடைப்புக்குறியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பூஜ்யம் வரவேண்டும், அந்த எண்ணுக்கும் அதன் குழுவினருக்கும் மட்டுமே வரவேண்டும். 0100-ஐப் போட்டால் 0 + 0 + 0 + 0. சரி.

இன்னொரு பிழையும் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றுகளின் பட்டியலைப் பூஜ்யங்களின் பட்டியலாக மாற்றியபின், அவசரத்தில் F-ஐயும் F' ஆக்கிவிடுவார்கள். 1-ஆம் 4-ஆம் கட்டங்களில் பூஜ்யம் என்று சொல்வதும், மற்ற எட்டில் ஒன்று என்று சொல்வதும் ஒரே F-ஐப் பற்றிய இரண்டு வாக்குமூலங்கள். பட்டியல் மாறும், சார்பு மாறாது. இரண்டையும் மாற்றினால் உச்சிக்கோடு 1-க்கும் 4-க்கும் மட்டும் எரியும் டிஸ்பிளே கிடைக்கும்.

இப்போது விலை: 4 + 3 + 2 = 9. இயற்கணிதத்தில் கிடைத்த 10-ஐவிட ஒரு கால் குறைவு. x-க்கு மறுபடி விலைபேசியதன் லாபம். ஆனாலும் ஒன்றுகளின் வடிவம் 8. பூஜ்யங்கள் இரண்டே இரண்டு, ஒன்றுகளோ எட்டு. இருந்தும் ஒன்றுகள் ஜெயித்துவிட்டன.

‘பூஜ்யம் குறைவாக இருந்தால் கூட்டல்களின் பெருக்கல் மலிவு’ என்று வகுப்பில் சொல்லித்தரும் குறுக்குவழி இங்கே பல்லிளிக்கிறது. எண்ணிக்கையைவிட முக்கியம், கட்டங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது. எட்டு ஒன்றுகளும் x-களோடு சேர்ந்து பெரிய பெரிய குழுக்களாகிவிட்டன. பெரிய குழுவுக்கு எழுத்து குறைவு. இரண்டு பூஜ்யங்களில் ஒன்று அநாதை, அதற்கு நான்கு எழுத்தும் தேவை.

வாலை வெட்டினால்

இப்போது 7447 போல மொட்டை 6 வைப்போம். வரைபடத்தில் மாறுவது ஒரே கட்டம்: 6 இருந்த இடத்தில் 1 போய் 0.

```
          CD
AB     00  01  11  10
00      1   0   1   1
01      0   1   1   0
11      x   x   x   x
10      1   1   x   x
```

பூஜ்யம் ஒன்று கூடிவிட்டது. விலையும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரைபடத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டியவை என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள்: 4-உம் 6-உம் பக்கத்து வீடு. அவற்றின் கீழே 12, 14 இரண்டும் x. நாலும் சேர்ந்து BD' என்ற ஒரே குழு ஆகின்றன. 1 மட்டும் முன்போலவே தனி.

```
F = (A + B + C + D')(B' + D)
```

4 + 2 + 2 = 8. பூஜ்யம் கூடியதால் விலை குறைந்திருக்கிறது. ஒன்றுகளின் பக்கம் என்ன ஆயிற்று? வலப்புறத்து எட்டுக் கட்டக் குழு உடைந்துவிட்டது, C என்ற ஒற்றை எழுத்து போய்விட்டது. 2, 3, 10, 11 சேர்ந்த B'C என்ற நாலு கட்டக் குழுவை வைத்துச் சமாளிக்க வேண்டும்:

```
F = A + BD + B'D' + B'C
```

இரண்டு கால் அண்ட் கேட் மூன்று, நாலு கால் ஆர் கேட் ஒன்று: 6 + 4 = 10. B'C-க்குப் பதில் 3, 7, 11, 15 சேர்ந்த CD-யையும் எடுக்கலாம், விலை அதேதான்.

ஆக வால் இருந்தால் 8-க்கு 9, பெருக்கல்களின் கூட்டல் மலிவு. வால் இல்லாவிட்டால் 10-க்கு 8, கூட்டல்களின் பெருக்கல் மலிவு. இதை வரைபடம் போடாமல் முன்கூட்டியே சொல்ல எனக்கு வழி தெரியாது. இரண்டு வடிவங்களையும் எழுதி எண்ணிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஊகிப்பதைவிட அதுவே மேல்.

கால் எண்ணிக்கையும் கடைக்காரர் பில்லும்

காகிதத்தில் 8 மலிவு, 9 விலை. கடையில் யாரும் கேட்டைக் கால் கணக்கில் விற்பதில்லை. ஐசி கணக்கில் விற்கிறார்கள். ஒரு 7400-க்குள் இரண்டு கால் நேண்ட் கேட் நான்கு இருக்கும், ஒரு 7402-க்குள் இரண்டு கால் நார் கேட் நான்கு. நாலு கால் நேண்ட் 7420-இல் இரண்டு. நாலு கால் நார் 4002-இல் இரண்டு. ஒரு கேட் மட்டும் வேண்டுமென்றாலும் முழு ஐசிக்கும் காசு கொடுக்க வேண்டும்.

பெருக்கல்களின் கூட்டலை அண்ட், ஆர் என்று இரண்டு வகையாகக் கட்டாமல் எல்லாவற்றையும் நேண்ட் ஆக்கிவிடலாம். அதேபோலக் கூட்டல்களின் பெருக்கலை எல்லாம் நார் ஆக்கலாம். முதல் அடுக்கிலும் இரண்டாம் அடுக்கிலும் கேட் வகையை மாற்றினால் போதும், நடுவில் உள்ள இரண்டு தலைகீழ்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு கண்ணி மட்டும் உண்டு: முதல் அடுக்கு கேட் இல்லாமல் நேராகக் கடைசி கேட்டுக்குப் போகிற தனி எழுத்துக்கு அந்த நடுத் தலைகீழ் கிடைக்காது. அதை நாமே திருப்பிப் போட்டு அனுப்ப வேண்டும்.

வால் உள்ள 6-ஐ நேண்ட் வழியில் கட்டுவோம். A, C இரண்டும் தனி எழுத்துகள். காகிதத்தில் இலவசமாகத் தெரிந்த இவை இப்போது ஆளுக்கோர் இன்வெர்ட்டர் கேட்கின்றன. B', D' ஆகியவற்றுக்கு ஏற்கெனவே இரண்டு. மொத்தம் நான்கு இன்வெர்ட்டர். 7420-இல் ஒரு கேட், 7400-இல் இரண்டு கேட் வேலைக்குப் போய்விட்டன. மீந்தவை 7420-இல் ஒன்று, 7400-இல் இரண்டு. கால்களை ஒன்றாகக் கட்டினால் நேண்ட் கேட்டே இன்வெர்ட்டர்தான். ஆனால் தேவை நான்கு, இருப்பு மூன்று. ஒரே ஓர் இன்வெர்ட்டருக்காக மூன்றாவதாக ஒரு 7404 வாங்க வேண்டியிருக்கிறது.

அதே 6-ஐ நார் வழியில் கட்டுவோம். 4002-இன் முதல் கேட்டுக்கு A, B, C, D'. இரண்டாம் கேட்டுக்கு B', C, D. மீதமுள்ள நாலாவது காலைத் தரையோடு கட்டிவிட வேண்டும். 7402-இல் ஒரு கேட் கடைசி அடுக்கு, இரண்டு கேட்டுகள் B', D' செய்யும் இன்வெர்ட்டர்கள், ஒன்று மீதி. இரண்டே ஐசி. காகிதத்தில் தோற்ற வடிவம் பலகையில் ஜெயித்துவிட்டது.

மொட்டை 6-க்கும் நார் வழியில் இரண்டு ஐசிதான்: 7402-இன் நாலு கேட்டும் சரியாகத் தீர்ந்துபோகும், 4002-இல் ஒன்று மீதி நிற்கும். நேண்ட் வழியில் இங்கேயும் மூன்று.

இதனால் நார்தான் எப்போதும் சிறந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். A, B, C, D எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பாருங்கள். 7490 போன்ற கவுன்ட்டரிலிருந்து வந்தால் நேர் வெளியீடு மட்டுமே கிடைக்கும், மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். நீங்களே பிளிப்பிளாப்களை வைத்துக் கவுன்ட்டர் கட்டியிருந்தால் ஒவ்வொன்றும் நேர், தலைகீழ் இரண்டையும் கொடுக்கும். இன்வெர்ட்டர்கள் இலவசம். அப்போது நேண்ட் வழியும் இரண்டு ஐசியில் முடிந்துவிடும், போட்டி சமன். சில்லுக்குள்ளேயே சுற்று வரைபவர்களுக்குக் கணக்கு இன்னும் வேறு. சிமாஸ் முறையில் நாலு கால் நார் கேட்டுக்குள் நான்கு பி-வகை டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். அது மந்தமான அமைப்பு என்பதால் அவர்கள் நேண்ட் பக்கமே சாய்வார்கள்.

ஏழு கோட்டுக்கும் சேர்த்துக் கட்டுவதாக இருந்தால் ஒரு கோட்டின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வால் உள்ள வடிவில் B'D' என்ற பெருக்கல் உச்சிக்கோட்டுக்கும், அடிக்கோட்டுக்கும், இடது கீழ்க்கோட்டுக்கும் தேவைப்படுகிறது. ஒரு கேட் போட்டு மூன்று இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம்.

எனக்கே இந்தக் கோட்டை மட்டும் கட்டவேண்டி வந்தால் இரண்டு வடிவத்தையும் விட்டுவிட்டு BD + B'D'-ஐ எக்ஸார் கேட்டால் செய்வேன். 7486-இல் இரண்டு கேட், 7432-இல் இரண்டு ஆர் கேட், வேலை முடிந்தது. இரண்டு அடுக்கு என்ற கட்டுப்பாட்டைத் தேர்வுத்தாள் விதிக்கிறது, பிரெட்போர்டு விதிப்பதில்லை.

இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது

இணைப்பதற்குமுன் இரண்டு சூத்திரங்களையும் பதினாறு உள்ளீட்டுக்கும் ஓட்டிப் பாருங்கள். கையாலேயே செய்யலாம், சோம்பலாக இருந்தால் பைத்தான்:

```python
for n in range(16):
    A, B, C, D = (n>>3)&1, (n>>2)&1, (n>>1)&1, n&1
    s = A | C | (B & D) | ((1-B) & (1-D))
    p = (A | B | C | (1-D)) & ((1-B) | C | D)
    print(n, s, p)
```

0 முதல் 9 வரை இரண்டும் ஒத்துப்போகும். 12-இல் மட்டும் s ஒன்று, p பூஜ்யம். இது பிழை அல்ல. பூஜ்யங்களைச் சேர்க்கும்போது 12-ஐ நாம்தான் 0 ஆக்கினோம். ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் இவை இரண்டும் வேறுவேறு சார்புகள். நமக்குத் தேவையான பத்து இடத்தில் மட்டும் ஒன்றாக நடக்கின்றன. 12 வரவே வராது என்ற வாக்குறுதி உண்மையாக இருக்கும்வரை இதனால் தொல்லை இல்லை. மின்சாரம் வந்த கணத்தில் கவுன்ட்டர் எந்த எண்ணில் எழும் என்று சொல்ல முடியாத சுற்றுகளில் அந்த வாக்குறுதி ஒரு நொடி பொய்யாகலாம். 4511 போன்ற ஐசிகள் 9-க்கு மேல் எது வந்தாலும் டிஸ்பிளேயை முழுவதும் அணைத்துவிடுகின்றன. அப்படி நடக்க வேண்டுமென்றால் x என்று எழுதிய ஆறு இடத்திலும் 0 எழுதி, குழு பிரிப்பதை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டிஸ்பிளே வகையையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். காமன் கேத்தோடு வகையில் 1 கொடுத்தால் கோடு எரியும். இதுவரை போட்ட கணக்கு அதற்கானது. காமன் ஆனோடு வகையில் 0 கொடுத்தால்தான் எரியும், ஆகவே F' வேண்டும். நார் சுற்றில் இதற்குப் புது ஐசி தேவையில்லை. வால் உள்ள வடிவில் 7402-இல் மீந்த கேட்டை, மொட்டை வடிவில் 4002-இல் மீந்த கேட்டைக் கடைசியில் இன்வெர்ட்டராக மாட்டிவிடலாம். எந்த வகையானாலும் கோட்டோடு தொடராக 330 ஓம் போல ஒரு மின்தடை இருக்கட்டும்.

இணைத்தபின் தவறு எங்கே என்று டிஸ்பிளேயே சொல்லும்

7402-இல் ஒரு பழைய வம்பு இருக்கிறது. 7400, 7408, 7432 எல்லாவற்றிலும் முதல் கேட்டின் உள்ளீடுகள் 1, 2-ஆம் கால்கள், வெளியீடு 3. 7402-இல் வெளியீடு 1-ஆம் கால், உள்ளீடுகள் 2, 3. மற்ற மூன்று கேட்டுகளின் வெளியீடுகள் 4, 10, 13. மாணவனாக இருந்தபோது பழக்க தோஷத்தில் 3-ஆம் காலை வெளியீடாக எண்ணி, ஒரு மாலை முழுவதும் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். சூத்திரம் சரியாகவே இருந்தது.

வால் உள்ள வடிவைக் கூட்டல்களின் பெருக்கலாகக் கட்டி, மற்ற ஆறு கோடுகளும் ஒழுங்காக எரிவதாக வைத்துக்கொள்வோம். 0 முதல் 9 வரை மெதுவாக ஓட்டுங்கள். 1 வரவேண்டிய இடத்தில் 7 வந்து, 0 தலை இல்லாமல் நின்றால், D' போகவேண்டிய காலுக்கு D போயிருக்கிறது: (A + B + C + D) என்ற அடைப்புக்குறி 1-க்குப் பதில் 0-ஐ அணைக்கிறது. 4 வரவேண்டிய இடத்தில் வால் இல்லாத மொட்டை 9 வந்து, 0-வும் 8-உம் தலை இழந்தால், B' போகவேண்டிய இடத்தில் B.

4 மட்டும் சில நேரம் 4 ஆகவும் சில நேரம் 9 ஆகவும் மினுங்கி, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மாறினால், சூத்திரத்தைத் தொடாதீர்கள். 4002-இன் இரண்டாம் கேட்டில் நாலாவது கால் தரையோடு கட்டப்படாமல் அந்தரத்தில் நிற்கிறது. அது தானாக 1 ஆகும்போதெல்லாம் கேட்டின் வெளியீடு 0 ஆகி, 4-ஐ அணைக்கும் அடைப்புக்குறி வேலை செய்யாமல் போகிறது. ஒரு துண்டுக் கம்பி எடுத்து அந்தக் காலை 7-ஆம் காலோடு சேர்த்துவிடுங்கள்.